காரணம் தெரியும் முன்பே 'எங்கள் தவறு' என்று எழுதிவிட்டேன், எப்படித் திருத்துவது?

ஒரு பில்லிங் மென்பொருளின் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளரின் இன்வாய்ஸ்கள் ஆறு மணி நேரம் போகவில்லை. அவர் கோபமாக எழுதினார். நான் பதறிப்போய் அன்றே இப்படிப் பதில் போட்டேன்: "இது எங்கள் சர்வர் கோளாறு. இனி ஒருபோதும் நடக்காது. உங்கள் நஷ்டத்தை ஈடுசெய்வோம்."

அப்புறம் லாக் பார்த்தால், பாதிக் காரணம் அவர்கள் பக்கம் காலாவதியான ஏபிஐ கீ. ஒப்பந்தப்படி நாங்கள் தரவேண்டியது அதிகபட்சம் ஒரு மாதக் கட்டணம். அவரோ என் மெயிலைக் காட்டி முழு நஷ்டத்தையும் கேட்கிறார்.

செய்து பார்த்தவை: திருத்த மெயிலின் மேலே, இதை எங்களுக்கு எதிராகக் காட்டக் கூடாது என்ற பொருளில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று போட நினைத்தேன். அது சமரசப் பேச்சுக்குத்தான், முன்பே போன மெயிலைக் காப்பாற்றாது என்றார் எங்கள் வக்கீல். "ஆராய்ந்து வருகிறோம்" என்று மட்டும் எழுதினேன், மழுப்புகிறீர்கள் என்று பதில் வந்தது. புதுப் புகார்களுக்கு இப்போது இப்படி எழுதுகிறேன்: "காலை 9.10 முதல் இன்வாய்ஸ்கள் போகவில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம். காரணத்தைத் தேடுகிறோம். வியாழன் மாலை 5 மணிக்குள் நிலவரம் எழுதுகிறோம்." இது சரியாகவே போகிறது.

சிக்கல் அந்தப் பழைய மெயில்தான். வக்கீல் பார்க்க நான் ஒரு வரைவு கொடுக்க வேண்டும். காரணம் பற்றிச் சொன்னதையும் ஈடுசெய்வோம் என்றதையும், பல்டி அடிப்பதாகத் தோன்றாமல், எந்த வாக்கியத்தில் தொடங்கித் திருத்துவீர்கள்?