கம்பெனி போட்ட டிக்கெட்டில் தேதி மாற்ற உதவி தேவை

வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். ஊருக்குப் போகவர கோலாலம்பூர்–திருச்சி டிக்கெட்டைக் கம்பெனிதான் ஏஜென்ட் மூலம் குரூப் டிக்கெட்டாகப் போட்டது. 17ஆம் தேதி இரவு திரும்பி, 19ஆம் தேதி காலை 7 மணிக்கு வேலைக்கு ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்று லீவு கடிதத்தில் இருக்கிறது. அக்கா கல்யாணம் 20க்குத் தள்ளிப்போனதால் 22ஆம் தேதி திரும்பப் பார்க்கிறார். பெர்மிட் அதற்குப் பிறகும் செல்லும், அதில் சிக்கல் இல்லை.

ஏர்லைனில் கேட்டால் டிக்கெட் போட்ட ஏஜென்ட்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பணம் கட்டியது கம்பெனி என்பதால் ஏஜென்ட்டும் எச்.ஆர். மெயில் இல்லாமல் தொடமாட்டேன் என்கிறார்.

டிக்கெட் மாறினாலும் ரிப்போர்ட் தேதி தானாக மாறாது, எனக்குக் கவலையே அதுதான். முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராமல், தக்க காரணம் இல்லாமலோ, அதை முதலாளிக்குத் தெரிவிக்க முயற்சி செய்யாமலோ இருந்தால், 1955 வேலைவாய்ப்புச் சட்டம் 15(2) பிரிவின்படி ஒப்பந்தத்தை முறித்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் புது ரிப்போர்ட் தேதியை எழுத்தில் வாங்காமல் டிக்கெட்டைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

குரூப் டிக்கெட்டில் ஒருவருக்கு மட்டும் தேதி மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா? மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் யார் கட்டினார்கள்? சம்பளத்தில் பிடித்தார்களா?