கலைச்சொல் வேணும்: இன், ஆன், அட் மூணுக்கும் தனித்தனிப் பேர்

செல்வி எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்குறேன். ப்ரிபொசிஷனை முன்னிடைச்சொல்னு சொல்லித்தான் நடத்துறேன், அதுல சிக்கல் இல்ல. ஆனா 'இன்'னா உள்ளே, 'ஆன்'னா மேலே, 'அட்'னா அங்கேன்னு இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தேன். நேத்து ஒரு பையன் அண்ணாந்து பாத்துட்டு, "மிஸ், பல்லி சீலிங்குக்கு கீழதானே ஒட்டிட்டு இருக்கு, அதுக்கு ஏன் 'ஆன் த சீலிங்'?"னு கேட்டான். எனக்கு பதில் வரல. மூணுக்கும் நல்ல பேரா சொல்லுங்களேன், பேர்லயே விஷயம் புரியணும்.

ராமநாதன்:
அம்மா, ரொம்ப யோசிக்க வேண்டாம். எங்க காலத்துல சொல்லிக்கொடுத்தது, சின்ன ஊருக்கு அட், பெரிய ஊருக்கு இன். அதனால சிற்றிடம், பேரிடம்னு வச்சா போதும்.

முருகேசன்:
ஐயா, அந்த விதி பாதி தூரம்தான் வரும். கிராமத்துல குடியிருக்கேன்னு சொல்ல 'இன் எ வில்லேஜ்'தான் வரும், கிராமம் சின்னதுதானே. மதுரை போற ரயில் திருச்சில நிக்கும்னா 'ஸ்டாப்ஸ் அட் திருச்சி', அது எவ்ளோ பெரிய ஊர். ஊரோட சைஸ் இல்ல, பேசுறவர் அந்த எடத்தை எப்படிப் பாக்குறார்ங்கிறதுதான் கணக்கு. ரயிலுக்குத் திருச்சி பாதையில ஒரு புள்ளி, அதான் அட். அங்க குடியிருக்கவனுக்கு அது சுத்தி எல்லை இருக்குற எடம், அதான் இன். ஸ்டேஷனையே எடுத்துக்குங்க, "ஸ்டேஷன்ல பாக்கலாம்"னா அட், ஏன்னா வாசலா பிளாட்பாரமான்னு கவலை இல்ல. மழைக்கு ஸ்டேஷனுக்குள்ள ஒதுங்கி நின்னோம்னா இன். ஆன் வந்து ஒரு பரப்பையோ கோட்டையோ ஒட்டி இருக்குறது. பல்லி சீலிங்கை ஒட்டிருக்கு, படம் சுவத்தை ஒட்டிருக்கு, மோதிரம் விரலை ஒட்டிருக்கு, ஆத்தங்கரை ஊருக்கும் ஆன்தான் வரும். 'மேலே'ன்னு சொன்னதாலதான் செல்வி மாட்டிக்கிட்டாங்க. என் யோசனை: புள்ளி முன்னிடை, தொடு முன்னிடை, உள் முன்னிடை.

ஜெரால்டு:
அண்ணே இதே 'இன்' குழப்பத்துல நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன், "ரெண்டு நாள்ல முடிச்சிடுறேன்"ங்கிறத 'இன் டூ டேஸ்'னு மெயில் போட்டேன், நான் நெனச்சது ரெண்டு நாளைக்குள்ள எப்ப வேணாலும், மறுநாளே அனுப்பினா அவங்க ஆள் லீவு, ரெண்டு நாள் கழிச்சுதான்னு எடுத்துக்கிட்டோம்னு சொல்லிட்டாங்க. இதுக்கு என்ன பேரு வைக்கிறது?

முருகேசன்:
தம்பி, அது வேற கேள்வி. நம்ம 'நாள்ல'ங்கிறதுல ரெண்டு அர்த்தமும் இருக்கு, அவங்க 'இன்'ல கெடு முடியுற நேரம்தான் முதல்ல தெரியும். முன்னாடியே வந்துடும்னா 'வித்இன்' போடணும். அதைத் தனி இழையில பேசுவோம்.

செல்வி:
தொடு முன்னிடை நல்லா இருக்கு முருகேசன் சார், இன்னைக்கே போர்டுல எழுதிப் பாத்தேன், பல்லி கேட்ட பையனே மோதிரத்துக்கு ஆன்னு சொல்லிட்டான். ஆனா நேரத்துக்கு வந்தா? 'ஆன் மண்டே'ல யார் எதைத் தொடுறாங்க? இன்னொன்னு கவனிச்சேன், நேரத்துல பசங்க அவ்வளவா தப்பு பண்றதில்ல. நாமளே அஞ்சு மணி*க்கு*, திங்கக்கெழம (ஒட்டு எதுவும் இல்லாம), ஜூன்*ல*ன்னு மூணு விதமா சொல்றோம், அது அப்படியே அட், ஆன், இன்னு உக்காந்துடுது. எடத்துலதான் நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'ல': வீட்டுல, சுவத்துல, ஸ்டாப்புல. அங்கதான் குழம்புறாங்க.

முருகேசன்:
அருமையான கவனிப்பும்மா. ஆனா ஒரு எடத்துல அது கால வாரும். காலைல 'இன் த மார்னிங்', சரி. திங்கக்கெழம காலைலன்னா 'ல' இருக்கேன்னு பசங்க இன் போடுவாங்க, அங்க 'ஆன் மண்டே மார்னிங்'. குறிப்பிட்ட நாள் வந்துட்டா காலையோ சாயங்காலமோ அந்த நாளோட ஆனுக்குக் கட்டுப்படும். 'அட் நைட்' மட்டும் மனப்பாடம்தான், நான் காரணம் சொல்லி ஒப்பேத்த விரும்பல. அடுத்த வாரம், போன மாசம்னு வந்தா மூணுமே வேண்டாம்.

ராமநாதன்:
அப்போ 'தொடு'வை விட்டுட்டு 'சார்' எடுத்துக்கலாமே. தொல்காப்பியத்துல ஏழாம் வேற்றுமை இடப்பொருள் சொல்ற பட்டியல்லயே உள், மேல், சார் எல்லாம் இருக்கு. நாளைச் சார்ந்து, சுவரைச் சார்ந்து, ஆற்றைச் சார்ந்துன்னு காலம், இடம் ரெண்டுக்கும் ஒத்துவரும்.

செல்வி:
ஐயா, சொல் பிடிச்சிருக்கு, ஆனா எட்டாம் வகுப்புல 'சார் முன்னிடை'ன்னா வாத்தியாரைத்தான் நெனப்பாங்க. அதோட, கதவுகிட்ட நிக்கிறதையும் சார்ந்துன்னு சொல்லலாமே, அது அட் ஆச்சே.

ராமநாதன்:
ஆமாம், கதவு இடிக்குது. ஆனா 'தொடு' திங்கக்கிழமைக்கு ஒத்துவராதுங்கிறதும் அப்படியேதான் இருக்கு.

முருகேசன்:
எடத்துக்குத் தொடு, காலத்துக்கு நாள் முன்னிடைன்னு ரெண்டு பேர் வைக்கலாமான்னு பாக்குறேன். ஒரே சொல்லுக்கு ரெண்டு பேரான்னு ஐயா கேப்பார், எனக்கும் அந்த உறுத்தல் இருக்கு.

செல்வி:
புள்ளி, தொடு, உள் மூணையும் எடத்துக்கு மட்டும் வச்சு திங்கக்கெழம பாடம் எடுக்குறேன். நாளுக்கு வேற சொல் தோணுனா அதுக்குள்ள போடுங்க.