யாழினிக்குச் சாதிச் சான்றிதழ் – எங்கள் குடும்பக் குழுவில்

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். யாழினியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். இ-சேவையில் விண்ணப்பித்தேன், திரும்பி வந்துவிட்டது. ‘தந்தையின் சாதிக்கான ஆவணம் இணைக்கவும்’ என்று குறிப்பு. என் சான்றிதழ், ரேஷன் கார்டு, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் மூன்றும் வைத்திருந்தேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மணி மாமா: சாதி என்றால் அப்பா வழிதான் கவிதா. அம்மாவுடையதை எங்கேயும் எடுக்க மாட்டார்கள்.

ராஜு சித்தப்பா: மாப்பிள்ளையின் சம்பளச் சான்றிதழ் வைத்தாயா? எங்கள் பிரவீனுக்கு வாங்கும்போது வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே என்று காட்டச் சொன்னார்கள்.

சுமதி அக்கா: சித்தப்பா, அது மத்திய அரசு வேலைக்கும் படிப்புக்கும் வாங்கும் ஓபிசி சான்றிதழ். பெற்றோரின் வருமானம், பதவி எல்லாம் அதில்தான் பார்ப்பார்கள். யாழினிக்கு வேண்டியது மாநில அரசின் சாதிச் சான்றிதழ், இ-சேவையில் அதன் எண் ஆர்இவி-101. அதில் சம்பளமே வராது.

சுமதி அக்கா: கவிதா, எங்கள் இ-சேவை மையத்தில் திரும்பி வருவதில் பாதி இதே காரணம்தான். விஏஓ இரண்டு விஷயம் பார்ப்பார். அப்பா அம்மா என்ன சாதி என்பதற்கு என்ன சான்று, இந்தக் குழந்தை அவர்களுடையதுதான் என்பதற்கு என்ன சான்று. இரண்டாவதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். ரேஷன் கார்டில் சாதியே இருக்காது, அது முகவரிக்கும் குடும்பத்துக்கும்தான். செந்திலின் சான்றிதழ் எங்கே?

செந்தில்: வீடு மாறும்போது தொலைந்துவிட்டது அக்கா. பள்ளியில் படிக்கும்போது வாங்கிய பழைய அட்டை. ஆன்லைனில் வாங்கியதாக இருந்தால் திரும்ப எடுத்திருப்பேன். டிசி இருக்கிறது, அதில் சாதி எழுதியிருக்கிறது. ஆனால் அதில் பெயர் ‘செந்தில்’, ஆதாரிலும் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழிலும் ‘செந்தில்குமார்’.

சுமதி அக்கா: அந்தக் ‘குமார்’தான் சிக்கல். டிசியில் இருப்பவரும் பாப்பாவின் அப்பாவும் ஒருவர்தான் என்று விஏஓ எதை வைத்து நம்புவார்? உன் கூடப்பிறந்த அண்ணனுக்குச் சான்றிதழ் இருக்கிறதா?

செந்தில்: இருக்கும். கேட்கிறேன்.

சுமதி அக்கா: அதையும் சேர்த்துப் போடு. ஆனால் அதைத் தனியாக வைத்தால் பலன் இல்லை. இருவருக்கும் ஒரே அப்பா என்று காட்ட, உன் டிசியிலும் அண்ணன் டிசியிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். இருந்தால் அவருடைய டிசியையும் வைத்துவிடு. அப்போது ‘குமார்’ விஷயத்தை விஏஓவிடம் நேரில் விளக்குவதும் எளிது.

கவிதா: அக்கா, இன்னொன்று. அவர் பிசி, நான் எம்பிசி. என்னுடைய சான்றிதழை வைத்தே பாப்பாவுக்கு வாங்க முடியாதா?

மணி மாமா: அதைத்தானே நான் சொன்னேன், முடியாது.

சுமதி அக்கா: முடியும் மாமா. கலப்பு மணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அப்பா வழியிலோ அம்மா வழியிலோ பெறலாம் என்று தமிழக அரசு 1975லேயே ஆணை போட்டிருக்கிறது. குழந்தை எந்த வழியில் வளர்கிறது என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். நீங்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதலில் அப்பா வழி என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அம்மா வழியில் வளர்ந்ததை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது.

மணி மாமா: அப்படியா? சரி, இது எனக்குப் புதுசு.

கவிதா: அப்புறம் ஏன் அவருடைய ஆவணம் கேட்கிறார்கள்?

சுமதி அக்கா: கலப்பு மணம் என்று நீ எங்கும் எழுதவில்லை போல. உன் சான்றிதழ் மட்டும் இருந்தால் அப்பா விவரம் விடுபட்டது என்றுதான் நினைப்பார்கள். எந்த வழி எடுத்தாலும் இருவருக்கும் ஆதாரம் வை. திருமணப் பதிவுச் சான்று இருந்தால் அதையும் வை. ஒன்று மட்டும் யோசித்துச் செய். ஒரு பிள்ளைக்குத் தரும் உறுதிமொழி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். குட்டிப் பையனுக்குப் பிறகு மாற்ற முடியாது.

செந்தில்: இதை நான் யோசிக்கவே இல்லை.

ராஜு சித்தப்பா: அதற்குள் சேர்க்கை தேதி போய்விட்டால்? கேந்திரிய வித்யாலயாவில் பெற்றோர் சான்றிதழை வைத்துச் சேர்த்துக்கொண்டு, குழந்தையுடையதை 3 மாதத்துக்குள் தரச் சொன்னார்களே.

சுமதி அக்கா: அது அவர்களுடைய விதி சித்தப்பா. கவிதா பார்க்கும் பள்ளி அப்படி ஏற்குமா என்று அங்கேதான் கேட்க வேண்டும். விண்ணப்ப ரசீதையாவது ஏற்பார்களா என்றும் கேள் கவிதா. விஏஓ, வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று மூன்று பேரைத் தாண்ட வேண்டும். மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான், அதிகம் கேட்டால் கொடுக்காதே.

செந்தில்: அண்ணனிடம் பேசிவிட்டேன். அவருடைய அட்டை பத்திரமாக இருக்கிறது, டிசியைத் தேடுகிறார்.

கவிதா: நாளை பள்ளியில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அக்கா. எந்த வழி என்பதை நானும் இவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.