புதுப்பிப்பு: 4ஆம் கியரில் வழுக்கிய சைக்கிள்

நான் கேட்டிருந்தது: "7 கியர் சைக்கிள். 4இல் மிதித்தால் சங்கிலி வழுக்குகிறது, பெரிய பல்சக்கரத்துக்கு ஏறவே மறுக்கிறது. எந்தத் திருகைத் திருப்புவது?"

உதவிய அனைவருக்கும் நன்றி. சரியாகிவிட்டது. திருகு காரணமல்ல, கேபிள்தான்.

முதலில், 'எல்' திருகைத் திருப்பச் சொன்ன தம்பியின் பேச்சைக் கேட்டேன். வலப்பக்கம் அரைச் சுற்று விட்டதும் பெரிய பல்சக்கரம் முற்றிலும் எட்டாமல் போயிற்று! அந்தத் திருகு எல்லையை மட்டுமே குறிக்கும். நடுவில் வழுக்குவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.

கேபிளின் இழுவிசையை மாற்றும் பேரல் அட்ஜஸ்டரை இடப்பக்கம் அரைச் சுற்று விடச் சொன்ன யோசனை பாதி பலித்தது. மேலே ஏறியது, ஆனால் கீழே இறங்கும்போது தயங்கியது. அப்போதுதான் சத்துவாச்சாரி அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்தது: "இரு பக்கமும் தயங்கினால் இழுவிசையைக் குறை சொல்லாதே, உரசலைத் தேடு."

சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டீரெயிலருக்குள் நுழையும் கேபிள் உறையைக் கழற்றினேன். உள்ளே துரு, பாலாற்றுப் பாலத்துப் புழுதி களிம்பாக அப்பியிருந்தது. உறையையும் உள்கம்பியையும் மாற்றி, சிறிய பல்சக்கரத்தில் வைத்துக் கம்பியை இறுக்கி, அட்ஜஸ்டரைக் கால் கால் சுற்றாகத் திருப்பினேன்.



காட்பாடி மேம்பால ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 3இல் இன்னும் ஒரு சிறு 'டக்' கேட்கிறது. சங்கிலித் தேய்மானமோ என்று சந்தேகம்.