புதுப்பிப்பு: ஆறு இலக்கக் குறியீடு ஏன் நிராகரிக்கப்பட்டது

முன்பு கேட்டது: “அலுவலக சர்வருக்குள் நுழையும்போது செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீடு ஒவ்வொரு முறையும் நிராகரிக்கப்படுகிறது. கைபேசியை மாற்றவில்லை. என்ன செய்யலாம்?”

கைபேசியின் நேரத்தைத் தானியங்கி முறைக்கு மாற்றச் சொன்னவர் பாதி சரி. கோளாறு கடிகாரத்தில்தான், ஆனால் சர்வரின் கடிகாரத்தில். `timedatectl` காட்டியது:

```
System clock synchronized: no
```

சர்வர் 100 விநாடி பின்தங்கியிருந்தது. இந்தக் குறியீட்டை யாரும் அனுப்புவதில்லை. 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளை 30ஆல் வகுத்து, கிடைக்கும் முழு எண்ணை இரகசியச் சாவியுடன் சேர்த்துச் செயலியும் சர்வரும் தனித்தனியே கணக்கிடுகின்றன. 100 விநாடி என்றால் மூன்று, நான்கு படி வித்தியாசம். எங்கள் சர்வரோ முன்னும் பின்னும் ஒரே ஒரு படியைத்தான் பொறுத்துக்கொள்ளும்.

எஸ்எம்எஸ் தாமதமாக வருவதாக எழுதிய நண்பரே, உங்களுடையது வேறு சிக்கல். அந்த எண்ணை அனுப்புபவரே உருவாக்குகிறார், உங்கள் கைபேசிக் கடிகாரத்துக்கு அதில் வேலையில்லை.

சர்வர் வெளியிலிருந்து சரியான நேரத்தைப் பெறும் வழியான யுடிபி 123ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் பார்க்கச் சொன்ன அம்மையாருக்கு மிக்க நன்றி. அடைபட்டுத்தான் கிடந்தது. திறந்த பிறகு, கடிகாரத்தை உடனே சரிசெய்ய `sudo chronyc makestep` கொடுத்தேன். அடுத்த குறியீடு உடனே ஏற்கப்பட்டது. அந்தப் போர்ட்டை யார், எதற்காக அடைத்தார்கள் என்பது இன்னும் தெரியவில்லை.