ஃபுளூலி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மும்தாஜ்:
அனைவருக்கும் வணக்கம். ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்ட நூல் ஒன்றில், ஒருவருக்காக இன்னொருவர் செயல்படுவதைப் பேசும் வகாலத் பாடத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘வக்கீல்’ என்றே விட்டால் கறுப்புக் கோட்டுதான் கண்ணில் வருகிறது, அதனால் ‘முகவர்’ என்று போட்டேன். அவரை வைத்து வேலை வாங்குபவருக்கு ‘அமர்த்தியவர்’. முட்டிக்கொண்டு நிற்பது ஃபுளூலி. யாரும் சொல்லாமலே அடுத்தவர் பொருளை விற்கிறாரே, அவர். இப்போதைக்கு ‘போலி முகவர்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கதிரேசன்:
‘அதிகாரம் மீறிய முகவர்’ என்று போடுங்கள், வேலை முடிந்தது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 196ஆம் பிரிவும் இதைத்தான் பேசுகிறது. என்னைக் கேட்காமல் எனக்காக ஒருவர் செய்ததை நான் ஏற்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். ஏற்றுவிட்டால் நான் சொல்லிச் செய்தது போலவே ஆகிவிடும். ‘பின்னேற்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

ஷரீஃப் ஹஸ்ரத்:
‘போலி’ வேண்டாம் மும்தாஜ். போலி என்றால் ஏமாற்று. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஓர் ஆடு வாங்கி வரச் சொல்லி நபி (ஸல்) ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கே இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். விற்கச் சொன்னது யார்? யாருமில்லை. ஆனால் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆ கிடைத்தது. இவரைப் போலி என்பீர்களா?

கதிரேசன் ஐயா சொன்னது பாதி சரி. முகவர் எல்லை தாண்டினால், தாண்டிய அளவில் அவரும் ஃபுளூலிதான். ஆனால் ஃபுளூலி என்றால் முகவராகவே இல்லாதவரும் அதில் அடக்கம். பின்னேற்பும் எல்லா இடத்திலும் செல்லாது. சட்ட வழிகளான மத்ஹபுகளில் ஹனஃபி மத்ஹபை எடுத்துக்கொண்டால், விற்பனைக்கும் வாங்குதலுக்கும் கணக்கு வேறு. என் மாட்டை நீங்கள் கேட்காமல் விற்றால் அந்த வியாபாரம் நான் ஒப்பும்வரை தொங்கிக்கொண்டு நிற்கும். ‘50,000 ரூபாய்க்குள் ஒரு மாடு வாங்கி வா’ என்று நான் அனுப்பி, நீங்கள் 60,000க்கு வாங்கினால் எதுவும் தொங்காது. மாடு உங்கள் தலையில்தான். விற்கும்போது உங்கள் கையில் இருப்பது என் பொருள். வாங்கும்போது பேரம் பேசி விலைக்குப் பொறுப்பேற்பது நீங்கள். இன்னாருக்காகத்தான் வாங்குகிறேன் என்று பேரத்திலேயே சொல்லியிருந்தால் கதை வேறு.

ஷாஃபிஈ மத்ஹபில், இமாமின் பிற்காலக் கருத்தான ‘புதிய கருத்தில்’ ஃபுளூலியின் விற்பனை அடியோடு செல்லாது. உரிமையாளர் பிறகு சம்மதித்தாலும் அதற்கு உயிர் வராது, வியாபாரத்தைப் புதிதாகப் பேச வேண்டும். உர்வா அவர்கள் பொது அனுமதி பெற்ற முகவராக இருந்திருக்கலாம் என்று விளக்கம் சொல்வார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள்தான் அதிகம். அதனால் பின்னேற்பு வாடை அடிக்கும் சொல்லைப் பொது அகராதியில் வைக்காதீர்கள்.

சலீம்:
ஹஸ்ரத், நான் ஹனஃபி. மச்சான் துபாயில் இருக்கிறார். நல்ல விலை வந்ததே என்று அவர் பைக்கைப் பேசிக் கொடுத்துவிட்டேன். போனில் சொன்னபோது ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை. மௌனம் சம்மதம்தானே?

ஷரீஃப் ஹஸ்ரத்:
சலீம் பாய், இங்கே சொல்லைப் பற்றித்தான் பேச்சு. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். கன்னிப்பெண்ணின் நிக்காஹ் சம்மதத்தில் மௌனம் போதும். இதில் போதாது. ஒப்புதலை அவர் வாயால் சொல்ல வேண்டும், இல்லை காசை வாங்கிக்கொள்வது போல ஏதாவது செய்ய வேண்டும். அதுவரை வண்டியும் இருக்க வேண்டும், நீங்களும் வாங்கியவரும் மச்சானும் உயிரோடு இருக்க வேண்டும். அவர் மவுத்தானால் வாரிசுகள் அதை ஒப்பவும் முடியாது. இன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. காகிதம் தனிக் கதை.

செல்வி:
தமிழ் மட்டும் தெரிந்தவள் பேசலாமா? பேச்சுவழக்கில் இவர் முந்திரிக்கொட்டை, அது அகராதிக்கு ஆகாது. ‘வலியச் செய்வோர்’ என்று யோசித்தேன், யாராவது ‘வலியவர்’ என்று சுருக்கினால் பயில்வான் ஆகிவிடுவார். ‘ஏவாச் செய்வோர்’ எப்படி? ‘ஏவா மக்கள் மூவா மருந்து’ என்று ஔவை கொன்றைவேந்தனில் சொல்லும் அதே ‘ஏவா’. ஏவாமலே செய்தவர். முகவர் என்றும் சொல்லவில்லை, செய்தது செல்லும் என்றும் சொல்லவில்லை.

ஷரீஃப் ஹஸ்ரத்:
உர்வா அவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அரபியில் அந்தச் சொல்லுக்கு ‘வேண்டாத வேலையில் தலையிடுபவர்’ என்ற முகச்சுளிப்பு உண்டு, ஔவையின் ‘ஏவா’வோ பாராட்டு. அந்த ஒன்றுதான் உறுத்துகிறது.

கதிரேசன்:
கோர்ட்டில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. என் ஓட்டு பழைய சொல்லுக்கே.

மும்தாஜ்:
உள்ளே ஃபுளூலி என்றே விட்டுவிட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘ஏவாச் செய்வோர்’ என்று சேர்த்துப் பார்க்கிறேன் செல்வி அக்கா. அடுத்த பக்கத்தில் இன்னொன்று காத்திருக்கிறது. தானாகப் பேரம் பேசாமல், சொன்னதை மட்டும் கொண்டுபோய்ச் சொல்லும் ‘ரசூல்’. நம் வாசகர்களிடம் ‘தூதர்’ என்று எழுத முடியாதே, என்ன செய்யலாம்?