புதுப்பிப்பு: ஃபாரம் 16 திருத்தம் கேட்ட கடிதம்

நான் கேட்டிருந்தது: "ஜனவரியில் கொடுத்த பிபிஎஃப் ரசீதை ஆபீஸ் விட்டுவிட்டது. ஃபாரம் 16-ஐத் திருத்தித் தரச் சொல்லி எப்படி எழுதுவது?"

கடிதம் கொடுத்துவிட்டேன். பணியாளர் எண், பான், நிதியாண்டு, பிறகு ஒரே வரி: "பகுதி பி-யில் 80சி-யின் கீழ் ரூ.50,000 விடுபட்டுள்ளது." ரசீதோடு ஜனவரி மின்னஞ்சலையும் இணைத்தேன். அந்தத் தேதியைப் பார்த்ததும் கணக்குப் பிரிவு வாதாடவில்லை.

"திருத்தம் வராமல் கழிவு கேட்க முடியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். முடியும் என்றார் கணக்கர் அண்ணன்: பழைய வரிமுறையில் கெடுவுக்குள் ரிட்டர்னில் நேரடியாகக் காட்டலாம், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிடித்த வரி அரசுக்குப் போய்விட்டதால் கம்பெனி திருப்பித் தராது. 20 சதவீத அடுக்கில் செஸ்ஸோடு 10,400 ரூபாய் ரீஃபண்டாகத்தான் வரும்.

வாடகை ரசீது பற்றிக் கேட்ட அக்கா, அது 80சி இல்லை, எச்ஆர்ஏ, தனியாகக் கேளுங்கள்.

கம்பெனி தாக்கல் செய்யும் டிடிஎஸ் அறிக்கையான 24க்யூ-வில் திருத்தம் போட்டுப் புதிய பகுதி பி தருவதாகக் கணக்குப் பிரிவில் சொன்னார்கள். இன்னும் வரவில்லை.